ஆப்ரேஷன் நடுவுல எடுக்கிற ஃப்ரோசன் செக்ஷன்: "கேன்சர் இல்ல"ன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலையில சுங்கை சிப்புட் பசார்ல மீன் வாங்கிட்டு நிக்கறப்ப, எங்க தோட்டத்துல என்கூட ஒண்ணா வளர்ந்த ஒரு அக்காவோட மகன் ஓடி வந்து கையப் பிடிச்சிக்கிட்டான். அவன் அம்மாவுக்கு வயித்துல பெரிய கட்டி, ஆப்ரேஷன் முடிஞ்சி மூணு வாரம் ஆவுது. "ஆன்ட்டி, ஆப்ரேஷன் நடக்கறப்பவே சதைய எடுத்து ஃப்ரீஸ் பண்ணி டெஸ்ட் பண்ணாங்க, கேன்சர் இல்லன்னு சொன்னாங்க, இப்ப ரிப்போர்ட் வாங்கப் போனா கேன்சர்ங்கிறாங்க, இதுல எது பொய்?"ன்னு கேட்டான். பக்கத்துல நின்னவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. சாம்பிள் மாறிப் போச்சின்னு ஒருத்தர், கத்தி பட்டதுல சாதா கட்டி கேன்சரா மாறிடுச்சின்னு இன்னொருத்தர், ஒரு ஆன்ட்டி வயித்தையே ஐஸ் வச்சி உறைய வைப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்காங்க பாவம்.

நான் இருபத்தாறு வருஷம் ஹிஸ்டோ லேப்ல வேல பாத்தவ. ஹிஸ்டோ லேப்னா உடம்புலேருந்து எடுத்த சதைய மெல்லிசா வெட்டி கண்ணாடியில ஒட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்கறதுக்கு தயார் பண்ற எடம். இந்த ஃப்ரீஸ் பண்ற மெஷின்ல நானே எத்தனையோ தடவ வெட்டியிருக்கேன். அந்தப் பையன் மொகத்தப் பாத்துட்டு வந்ததுலேருந்து மனசு கேக்கல. அவனுக்குச் சொன்னத இங்க பொறுமையா எழுதிடறேன்.

முதல்ல அவசரம் இல்லாத வழி: ஷீட் ரப்பர் மாதிரி

ஃப்ரோசன் புரியணும்னா முதல்ல சாதாரண டெஸ்ட் எப்படி நடக்குதுன்னு தெரியணும். தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இது சுலபமா புரியும். மரத்துலேருந்து எடுத்த கித்தா பால அப்படியே வெட்ட முடியுமா? முடியாது. தட்டுல ஊத்தி ஆசிட் கலந்து உறைய விட்டு, மெஷின்ல குடுத்து தண்ணியப் பிழிஞ்சி, ஸ்மோக்ஹவுஸ்ல நாள்கணக்கா காய வச்சாதான் கையில எடுத்துப் பாக்கற மாதிரி ஷீட் கெடைக்கும்.

சதையும் அதே மாதிரிதான், வழவழன்னு இருக்கும், நெறைய தண்ணி, பிளேடு வச்சா நசுங்கும். அதனால முதல்ல ஃபார்மலின்ல போடுவோம். ஃபார்மலின்ங்கிறது சதைய அழுகாம அப்படியே நிறுத்தி கெட்டியாக்கற ஒரு தண்ணி மருந்து. அதுல ராத்திரி பூரா ஊறணும், பெரிய கட்டின்னா இன்னும் கூட நேரம். அப்புறம் ஆல்கஹால்ல போட்டு சதைக்குள்ள இருக்கற தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்து, கடைசியில தண்ணி இருந்த எடத்துல உருக்கின மெழுகு போயி ஒக்காந்துக்கும். ஆறினா சதையும் மெழுகும் ஒரே கட்டி, அதுக்குப் பேரு பிளாக். அத மெஷின்ல வச்சா மூணு நாலு மைக்ரான் தடிமனுக்கு அழகா வெட்டலாம். மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணு. நம்ம தலமுடியே சுமாரா எழுபது மைக்ரான் இருக்கும், அப்ப எவ்ளோ மெல்லிசுன்னு பாத்துக்குங்க.

இப்படிச் செஞ்ச கண்ணாடிய பேத்தலஜிஸ்ட் பாப்பாங்க. பேத்தலஜிஸ்ட்னா சதையப் பாத்து நோயச் சொல்ற டாக்டர், நம்ம கண்ணுக்குத் தெரியாம லேப்ல இருக்கறவங்க. கேன்சரா இல்லையான்னு கடைசியா கையெழுத்து போடறது அவங்கதான், ஆப்ரேஷன் பண்ற சர்ஜன் இல்ல. இது பல பேருக்குத் தெரியாது.

ஆகமொத்தம் சாதாரண வழியில படம் ரொம்பத் தெளிவா வரும், ஆனா ரிப்போர்ட் கைக்கு வர பல நாள் ஆவும்.

அவசர வழி ஏன் வந்துச்சி

இப்ப ஆப்ரேஷன் தியேட்டர்ல நில்லுங்க. வயித்தத் தெறந்தாச்சி, கட்டிய எடுத்தாச்சி. சாதா கட்டின்னா அப்படியே தையல் போட்டு மூடிடலாம். கேன்சர்னா இன்னும் சில பகுதிகள எடுக்கணும், அங்கங்க சாம்பிள் எடுக்கணும், ஆப்ரேஷனே வேற. பத்து நாள் கழிச்சி ரிப்போர்ட் வந்து அப்புறம் மறுபடி வயித்தக் கிழிக்கணுமா? அந்தக் கேள்விக்குத்தான் ஃப்ரோசன் செக்ஷன். நோயாளி மயக்கத்துல இருக்கும்போதே, வெளிய எடுத்த சதையில ஒரு சின்னத் துண்ட உறைய வச்சி வெட்டிப் பாத்து, சர்ஜனுக்கு ஃபோன்ல பதில் சொல்றது. உறையறது எடுத்த துண்டுதான், ஆள் இல்ல, வயிறும் இல்ல.

அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் மேயோ கிளினிக்ல 1905ல இத உருப்படியா செஞ்சி காட்டினவர் லூயிஸ் வில்சன். அங்க இருந்த சர்ஜன் வில்லியம் மேயோ, ஆள் மேசையில இருக்கும்போதே கேன்சரா இல்லையான்னு சொல்றதுக்கு ஒரு வழி கண்டுபிடிங்கன்னு அவர்கிட்ட கேட்டிருக்கார். அங்க பனிக்காலம்னா ஜன்னலுக்கு வெளிய வச்சாலே எல்லாம் உறைஞ்சி போவும், வில்சன் அப்படித்தான் சதைய உறைய வச்சி வெட்டி, மெத்திலீன் புளூங்கிற நீல சாயம் போட்டுப் பாத்தார்னு சொல்லுவாங்க. நம்மூருல ஜன்னலத் தொறந்தா கொசுதான் வரும், அதனால மெஷின்.

இதுல ஒண்ண நல்லா மனசுல வச்சிக்கணும். சர்ஜன் கேக்கற கேள்வி "இந்த அம்மாவுக்கு என்ன நோய்?"ங்கிறது இல்ல. "நான் இப்ப, இந்த நிமிஷம், மேல என்ன செய்யணும்?"ங்கிறதுதான். ஃப்ரோசன் பதில் சொல்றது அந்த ரெண்டாவது கேள்விக்கு மட்டும்.

அந்த இருபது நிமிஷத்துல என்ன நடக்குது

முந்தின நாளே தியேட்டர்லேருந்து லேப்புக்குச் சொல்லிடுவாங்க, ஏன்னா பேத்தலஜிஸ்ட் கிட்டக்க இருக்கணும், மெஷின் குளிர்ந்து ரெடியா இருக்கணும். இதனாலதான் சின்ன ஹாஸ்பிட்டல்ல இது நடக்காது, ஈப்போ மாதிரி பெரிய எடத்துக்குத்தான் அனுப்புவாங்க.

கட்டி ஃபார்மலின் இல்லாம பச்சையா வரணும். நல்லதுன்னு நெனச்சி யாராவது ஃபார்மலின்ல போட்டு அனுப்பிட்டா அன்னைக்கி வேல கெட்டுச்சி, ஈரம் கோத்துக்கிட்டு சரியா உறையாது, வெட்டினாலும் கண்ணாடியில ஒட்டாது. வந்த உடனே பேரு, நம்பர் சரிபாத்து பேத்தலஜிஸ்ட் முதல்ல வெறுங்கண்ணால பாப்பாங்க. எவ்ளோ பெருசு, எவ்ளோ எடை, மேல் தோல் கிழிஞ்சிருக்கா, வெட்டித் தெறந்தா உள்ள தண்ணியா, கோழையா, கெட்டியா எங்கயாவது இருக்கா. கைய வச்சி அழுத்தி அழுத்தி தேடுவாங்க. இந்தத் தேடல்தான் ஃப்ரோசன்ல பாதி வேல, எங்கேருந்து துண்டு எடுக்கறோம்ங்கிறத வச்சிதான் பதிலே.

ரொம்ப சந்தேகமா இருக்கற எடத்துலேருந்து ஒண்ணோ ரெண்டோ துண்டு, ஒவ்வொண்ணும் கட்டவிரல் நகம் அளவு, சில மில்லிமீட்டர் தடிமன். அத ஒரு உலோக வட்டு மேல வச்சி சுத்தி ஜெல் ஊத்துவோம், பாக்க கெட்டி ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும். அப்படியே கிரையோஸ்டாட்டுக்குள்ள. கிரையோஸ்டாட்னா வெட்டற மெஷினையே உள்ள வச்ச ஒரு ஃப்ரீசர், மைனஸ் இருபது டிகிரி, அதுக்கு கொஞ்சம் மேல கீழ ஓடும். ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல வெள்ளைக் கல்லாட்டம் ஆயிடும். பாதி உறைஞ்ச ஆட்டுக்கறிய வெட்டினா எப்படி மெல்லிசா வழுக்கிக்கிட்டு வருது, அதேதான், இங்க தண்ணியே மெழுகோட வேலைய செய்யிது.

அஞ்சுலேருந்து எட்டு மைக்ரானுக்குள்ள ஒரு ஏடு வெட்டி, அறை சூட்டுல இருக்கற கண்ணாடிய கிட்ட கொண்டுபோனா அந்த ஏடு தானா பாஞ்சி வந்து ஒட்டிக்கும். எத்தனை வருஷம் பாத்தாலும் எனக்கு அந்த ஒரு நொடி பிடிக்கும். உடனே ஆல்கஹால்ல முக்கி, ரெண்டு சாயம், ஒண்ணு செல்லோட நடுவுல இருக்கற நியூக்ளியஸ நீலமாக்கும், இன்னொண்ணு மத்தத ரோசாவாக்கும். பேத்தலஜிஸ்ட் பாத்து நேரா தியேட்டருக்கு ஃபோன் பண்ணுவாங்க, சர்ஜன் கேட்டத திருப்பிச் சொல்லணும், என்ன சொன்னது எத்தன மணிக்குன்னு எழுதி வைக்கணும். துண்டு ஒண்ணுன்னா லேப்புக்கு வந்ததுலேருந்து ஃபோன் வரைக்கும் இருபது நிமிஷம்ங்கிறதுதான் கணக்கு.

இதோட முடியல. உறைய வச்ச அதே துண்ட கரைய விட்டு ஃபார்மலின்ல போட்டு, சாதாரண வழியில மெழுகு பிளாக்காவும் செய்வோம். அதுக்கு ஃப்ரோசன் கன்ட்ரோல்னு பேரு. பின்னாடி இதப்பத்தி சொல்றேன், அந்தப் பையன் கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு.

இதுவரைக்கும் வந்தது இவ்ளோதான்: கட்டியிலேருந்து ரெண்டு நகத்தளவு துண்டு, மெழுகுக்குப் பதிலா ஐஸ், நாள்கணக்குக்குப் பதிலா நிமிஷக்கணக்கு, பதில் பேப்பர்ல இல்ல ஃபோன்ல.

ஐஸ் குடுக்கற தொல்ல

தாஹு வாங்கி ஃப்ரீசர்ல மறந்து வச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சி எடுத்திருக்கீங்களா? கரைஞ்சதும் வழவழப்பு போயி உள்ள பூரா ஓட்ட ஓட்டயா ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிருக்கும். உள்ள இருந்த தண்ணி ஐஸாகும்போது ஊசி ஊசியா வளந்து சுத்தி இருக்கறத தள்ளி விட்டுடும், ஐஸ் போனதும் அந்த எடம் ஓட்டயாவே நின்னுடும். சதையிலயும் அதே கதைதான். மெதுவா உறைஞ்சா ஐஸ் பெருசா வளரும், வேகமா உறைஞ்சா பொடிப்பொடியா இருக்கும், படம் கெடாது. அதனாலதான் நாங்க துண்ட சின்னதா எடுக்கறதும், மேல குளிர்ந்த இரும்புக்கட்டிய வச்சி அழுத்தறதும்.

எவ்ளோ நல்லா செஞ்சாலும் மெழுகுல வர்ற தெளிவு வராது. நியூக்ளியஸ் கொஞ்சம் ஊதிப்போய் தெரியும், ஓரம் மங்கும். கேன்சரான்னு சொல்றதே நியூக்ளியஸோட அளவையும் உருவத்தையும் பாத்துத்தான், அப்ப அதுல மங்கல் விழுந்தா எவ்ளோ கஷ்டம்னு யோசிங்க. கொழுப்பு இருந்தா இன்னும் மோசம். மைனஸ் இருபதுல கொழுப்பு சரியா உறையவே உறையாது, பிளேடுல மாஜரின் மாதிரி இழுத்துக்கிட்டு போவும், மார்புக் கட்டி வந்தா எங்களுக்கு வேர்த்துடும். எலும்பு, சுண்ணாம்பு படிஞ்ச கட்டி, இதெல்லாம் வெட்டவே முடியாது.

சில நோய்க்கு இந்த வழியே சரிப்படாது. தைராய்டுல ஃபாலிகுலர்னு ஒரு வகைக் கட்டி, அது கேன்சரான்னு சொல்லணும்னா அதோட மேல் தோல சுத்தி சுத்தி பூரா பாக்கணும், எங்கயாவது உடைச்சிக்கிட்டு வெளிய வந்திருக்கான்னு. ரெண்டு துண்டுல அது தெரியாது. மொத்த கட்டியே பட்டாணி அளவுதான்னா அதையும் உறைய வைக்கக் கூடாது, வெட்டி வெட்டியே தீந்து போச்சின்னா அப்புறம் தெளிவான டெஸ்டுக்கு சதையே மிஞ்சாது.

ஆனா அந்த அக்கா விஷயத்துல ஐஸ் குத்தவாளி இல்ல.

டுரியான்ல போடற ஓட்ட

டுரியான் சீசன்ல ரோட்டோரமா வாங்கறப்ப கடைக்காரர் என்ன பண்ணுவார்? கத்தியால தோல்ல முக்கோணமா ஒரு ஓட்ட போட்டு, "பாருங்க, நல்ல மஞ்சள்"னு காட்டுவார். நீங்களும் பாப்பீங்க, நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து பிளந்தா நாலு அறை நல்லா இருக்கும், அஞ்சாவது அறையில புழு. கடைக்காரர் பொய் சொல்லல, ஓட்ட வழியா தெரிஞ்ச எடத்துல புழு இல்லதான்.

ஆனா அதே ஓட்டையில புழு தெரிஞ்சிருந்தா? அப்ப சந்தேகமே இல்ல, அந்தப் பழத்துல புழு இருக்கு. இந்த வித்தியாசத்த கெட்டியா பிடிச்சிக்குங்க. "இருக்கு"ன்னு சொல்ல ஒரு எடத்துல பாத்தா போதும், "இல்ல"ன்னு சொல்ல எல்லா எடத்தையும் பாத்திருக்கணும். ஃப்ரோசன்ல எல்லா எடத்தையும் பாக்கவே முடியாது.

இது சும்மா பேச்சில்ல, கணக்கே இருக்கு. கோக்ரேன்ங்கிற ஆய்வு அமைப்பு 2016ல, கர்ப்பப்பை பக்கத்துல இருக்கற ஓவரிங்கிற சினைப்பைக் கட்டிக்கு பண்ண ஃப்ரோசன் ஆய்வுகள ஒண்ணு சேர்த்து கணக்குப் போட்டாங்க. ஆயிரம் பெண்கள்ல 290 பேருக்கு உண்மையிலயே கேன்சர்னு வச்சிக்கிட்டா, ஃப்ரோசன் அதுல 261 பேர கேன்சர்னு சரியா பிடிக்கும், 29 பேர விட்டுடும். மிச்சம் 710 பேருக்கு கேன்சர் இல்ல, அவங்கள்ல தப்பா கேன்சர்னு சொல்றது நாலே நாலு பேருக்குத்தான். "கேன்சர்"னு ஃபோன் வந்தா அனேகமா உண்மை. "கேன்சர் தெரியல"ன்னு வந்தா கொஞ்சம் மூச்சப் பிடிச்சிக்கிட்டு கடைசி ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கணும்.

அந்த அக்காவோட கட்டி

பையன் ரிப்போர்ட்ட கொண்டாந்தான், வீட்டு வாசல்ல ஒக்காந்து வரி வரியா படிச்சோம். வலது ஓவரி, 22 சென்டிமீட்டர், நல்ல பப்பாளிப்பழம் அளவு, மேல் தோல் கிழியாம முழுசா வந்திருக்கு. உள்ள பல அறை, அறை பூரா கோழை. இந்த வகைக்கு மியூசினஸ் கட்டின்னு பேரு, கோழை சொரக்கற செல்லுல வளர்ற கட்டி.

எல்லா ஓவரி கட்டியிலயும் ஃப்ரோசன அதிகமா ஏமாத்தறது இந்த மியூசினஸ்தான், ரெண்டு காரணம். ஒண்ணு, ரொம்பப் பெருசா வளரும். இன்னொண்ணு, ஒரே கட்டிக்குள்ள ஒரு அறை சாதாவா இருக்கும், பக்கத்து அறை பார்டர்லைனா இருக்கும், அதுக்கு அடுத்ததுல கேன்சர் இருக்கும். பார்டர்லைன்னா சாதாவுக்கும் கேன்சருக்கும் நடுவுல நிக்கறது, செல்லுங்க அளவுக்கு மீறி வளருது ஆனா பக்கத்து சதைய இன்னும் துளைச்சிக்கிட்டு போகல. மூணும் ஒரே வீட்டுல வேற வேற ரூம்ல குடியிருக்கற மாதிரி. வெறுங்கண்ணுக்கு மூணு ரூமும் ஒரே மாதிரி கோழையாத்தான் தெரியும்.

இப்ப கணக்கப் பாருங்க. ஃப்ரோசனுக்கு ரெண்டு துண்டு எடுத்திருக்காங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒண்ணரை, அதாவது மூணு சதுர சென்டிமீட்டர், ரெண்டும் சேர்ந்து ஆறு. 22 சென்டிமீட்டர் கட்டிய நடுவுல ரெண்டா வெட்டினா அந்த ஒரு முகம் மட்டும் சுமாரா 380 சதுர சென்டிமீட்டர். ஒரே ஒரு முகத்துலயே அறுபதுல ஒரு பங்குதான் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில போயிருக்கு. அந்த மாதிரி இருபதுக்கு மேல வில்லை போடலாம் அந்தக் கட்டியில. ஆள் மயக்கத்துல காத்துக்கிட்டு இருக்காங்க, அதுக்கு மேல எடுக்க நேரம் கெடையாது, நாலஞ்சு துண்டு எடுத்தாலும் கத பெருசா மாறாது.

அந்த ரெண்டு துண்டுலயும் பார்டர்லைன் தெரிஞ்சிருக்கு. துளைச்சிக்கிட்டு போன எடம் எதுவும் தெரியல. அப்புறம் மிச்சக் கட்டி ஃபார்மலின்ல ஊறி, அவசரம் இல்லாம வெட்டியிருக்காங்க. இவ்ளோ பெரிய மியூசினஸ் கட்டின்னா சென்டிமீட்டருக்கு ரெண்டு துண்டு வீதம் எடுக்கணும்ங்கிறது பழக்கம், அதுபடி 44 பிளாக். அந்த 44ல மூணே மூணுல கேன்சர்.

சாம்பிள் மாறிச்சான்னா, அதுக்குத்தான் அந்த ஃப்ரோசன் கன்ட்ரோல். உறைய வச்ச அதே ரெண்டு துண்ட மெழுகுல போட்டுப் பாத்ததுலயும் பார்டர்லைன்தான் வந்திருக்கு, ரிப்போர்ட்லயே எழுதியிருக்கு. அப்ப அன்னைக்கி ஃபோன்ல சொன்ன டாக்டர் பாத்ததை சரியாத்தான் சொல்லியிருக்கார், கண்ணு தப்பல, படமும் கெடல. கேன்சர் வேற ரூம்ல இருந்துச்சி. இதே கன்ட்ரோல்லயும் கேன்சர்னு வந்திருந்தா, அன்னைக்கி ஃப்ரோசன பாத்ததுலயே எங்கயோ விட்டுப் போச்சின்னு அர்த்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது இப்படித்தான்.

கத்தி பட்டு மாறிச்சாங்கிறதும் கெடையாது. வெளிய எடுத்து ஃபார்மலின்ல போட்ட சதை அந்த நேரத்தோட நின்னு போச்சி, மூணு வாரத்துல அதுல ஒண்ணும் முளைக்க முடியாது. அந்த மூணு பிளாக்ல இருந்தது ஆப்ரேஷனுக்கு முன்னாடியே அங்க இருந்தது.

சுருக்கமா: ஃப்ரோசன் சொன்னது ரெண்டு துண்டப் பத்தி, கடைசி ரிப்போர்ட் சொன்னது 44 துண்டப் பத்தி. ரெண்டும் உண்மைதான்.

வழியில விழுந்துபோன ஒரு வார்த்த

அப்ப யாரு "கேன்சர் இல்ல"ன்னு சொன்னது? இதுதான் என்ன ரொம்ப நோகடிச்சது. ரிப்போர்ட்ல ஃப்ரோசன் பதில்னு தனியா ஒரு வரி இருக்கும், எல்லா ரிப்போர்ட்லயும் தேடிப் பாருங்க. இதுல எழுதியிருந்தது: மியூசினஸ் கட்டி, அட்லீஸ்ட் பார்டர்லைன், மிச்சம் பேரஃபின் பாத்துத்தான். பேரஃபின்னா அந்த மெழுகுதான்.

அந்த அட்லீஸ்ட்ங்கிற வார்த்தைய பேத்தலஜிஸ்ட் சும்மா போடறது இல்ல. "குறைஞ்சது பார்டர்லைன், இதுக்கு மேலயும் இருக்கலாம், நான் பாத்தது ரெண்டு துண்டுதான்"னு சர்ஜனுக்கு சொல்ற எச்சரிக்க அது. அதே கோக்ரேன் கணக்கு படி, ஃப்ரோசன்ல பார்டர்லைன்னு வந்தவங்கள்ல சுமாரா அஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு கடைசியில கேன்சர்னு முடியிது. சர்ஜனுக்கு இது தெரியும். அதனாலதான் அவர் அன்னைக்கி சாதா கட்டி மாதிரி மூடிட்டு வரல. கர்ப்பப்பை, ரெண்டு பக்க ஓவரியும் டியூபும், வயித்துக்குள்ள திரை மாதிரி தொங்கற கொழுப்புப் படலம், எல்லாம் எடுத்து, வயித்தக் கழுவின தண்ணியையும் டெஸ்டுக்கு அனுப்பி, குடல்வாலையும் பாத்திருக்கார். குடல்வால ஏன் பாத்தார்னா, ஓவரியில இருக்கற கோழைக்கட்டி சில சமயம் குடல் பக்கத்துலேருந்து வந்து ஒட்டினதா இருக்கும்.

இதே அட்லீஸ்ட் பார்டர்லைன் ஒரு இருபத்தஞ்சு வயசு கொழந்த இல்லாத பொண்ணுக்கு வந்திருந்தா சர்ஜன் வேற மாதிரி நடந்திருப்பார், கர்ப்பப்பையையும் நல்லா இருக்கற ஓவரியையும் விட்டுட்டு கடைசி ரிப்போர்ட்டுக்கு காத்திருப்பார். எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாதே. அக்காவுக்கு வயசு அம்பத்தி மூணு, ஆப்ரேஷனுக்கு முன்னாடியே பேசி கையெழுத்து வாங்கியிருக்காங்க.

எடுத்த மத்த எதுலயும் கேன்சர் இல்ல. கழுவின தண்ணியிலயும் இல்ல. கட்டியோட தோலும் கிழியல. ஒரு ஓவரியோட நின்ன முதல் கட்டத்துலயே முதல் படி, அதுக்கு 1ஏன்னு பேரு. எடுக்க வேண்டியத எல்லாம் அன்னைக்கே எடுத்துட்டதால மறுபடி வயித்தத் தெறக்க வேண்டியதில்ல, கீமோ இப்ப வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்கன்னு டாக்டருங்க கூடிப் பேசி முடிவு பண்ணியிருக்காங்க. ஃப்ரோசன் ஏமாத்திடுச்சின்னு பையன் கோவமா இருந்தான், ஆனா அந்த அட்லீஸ்ட் பார்டர்லைன்ங்கிற பதில்தான் அவன் அம்மாவ ரெண்டாவது ஆப்ரேஷன்லேருந்து காப்பாத்தியிருக்கு.

தியேட்டர்லேருந்து வெளிய வந்து பேசினது சர்ஜன் இல்ல, இன்னொரு சின்ன டாக்டர். அவர் அவசரத்துல என்ன சொன்னார்னு பையனுக்கு சரியா ஞாபகம் இல்ல. "பார்டர்லைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சி ஆன்ட்டி, பார்டர்லைன்னா கேன்சர் இல்லதானேன்னு நான் கேட்டேன், இப்பத்திக்கு அப்படித்தான், முழு ரிப்போர்ட் வரட்டும்னார்". அந்த "இப்பத்திக்கு", அந்த "முழு ரிப்போர்ட் வரட்டும்", ரெண்டும் அந்த வராண்டாவுலயே விழுந்துடுச்சி.

ஃபோன எடுத்து அன்னைக்கி குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அவன் அனுப்பினத தேடிக் காட்டினான். மத்தியானம் ரெண்டு பத்துக்கு, "அம்மாக்கு கேன்சர் இல்ல, ஃப்ரீஸ் டெஸ்ட்ல பாத்துட்டாங்க, சாமிக்கு நன்றி". கீழ பதினேழு பேரு கைகூப்பி இருந்தாங்க. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தவன், "குறைஞ்சதுன்னு ஒரு வார்த்த போட்டிருக்கணும் ஆன்ட்டி"ன்னான். அப்புறம் உள்ள எட்டிப் பாத்து, "அம்மா, கஞ்சி குடிச்சிட்டியா?"ன்னு கேட்டுக்கிட்டே எந்திரிச்சிப் போனான்.